கடவுச்சொல்லை மாற்றிய பிறகும் திறந்து கிடக்கும் கதவுகள்

கேள்வி:

சேர், நான் சம்மாந்துறையில் ஓர் அரிசி ஆலையின் அலுவலகத்தில் கணினி வேலைகளைப் பார்க்கிறேன். எங்களுக்குக் கூகுள் வேர்க்ஸ்பேஸில் 11 மின்னஞ்சல் கணக்குகள் இருக்கின்றன. நிர்வாகக் கணக்கு என்னுடையது. கடந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் புறப்படும் அவசரத்தில், தெரிந்த வாடிக்கையாளரின் பெயரில் வந்த விலைமனு இணைப்பைத் திறந்து, கடவுச்சொல்லையும் கைபேசிக்கு வந்த குறியீட்டையும் கொடுத்தேன். பக்கம் வெறுமையாக நின்றது. தொழுகை முடிந்து வந்தபோது ‘புதிய சாதனத்தில் உள்நுழைவு’ என்ற அறிவித்தல் இருந்தது. உடனே கடவுச்சொல்லை மாற்றினேன். இன்று, திங்கட்கிழமை, கொழும்பு வாடிக்கையாளர் ஒருவர் அழைத்து, “வங்கிக் கணக்கை மாற்றிவிட்டீர்களாமே?” என்று கேட்கிறார். நாங்கள் எதையும் மாற்றவில்லை. எல்லாக் கணக்குகளையும் அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கட்டுமா? ஹாஜியாருக்கு இன்னும் சொல்லவில்லை.

பதில்:

தம்பி, எதையும் அழிக்காதீர்கள். கணினியைத் தொடுவதற்கு முன் தொலைபேசியை எடுங்கள். உங்களுக்குப் பணம் தரவேண்டியிருக்கும் ஒவ்வொரு வாடிக்கையாளரையும் அழைத்து, வங்கி இலக்கம் மாறவில்லை என்று குரலில் சொல்லுங்கள். இதை மின்னஞ்சலில் சொல்லவேண்டாம். திருடன் இன்னும் உள்ளே இருந்தால் அந்த மின்னஞ்சலை வாடிக்கையாளருக்கு முன் அவன் வாசிப்பான். அதற்குப் பதிலும் அனுப்புவான். அழைக்கும் இலக்கங்களையும் மின்னஞ்சலிலிருந்து எடுக்காமல், பழைய பற்றுச்சீட்டுப் புத்தகத்திலிருந்தோ லொறிச் சாரதியின் கைபேசியிலிருந்தோ எடுங்கள். யாராவது ஏற்கெனவே பணம் அனுப்பியிருந்தால், அவர் தம் வங்கிக் கிளைக்கு இன்றே நேரில் போகவேண்டும். பணம் அடுத்த கணக்குக்கு நகர்வதற்குள் வங்கி தடுத்தால்தான் அது திரும்பும். இங்கே மணித்தியாலங்கள்தான் கணக்கு.

ஹாஜியாரிடமும் இப்போதே சொல்லுங்கள். இன்று இரவு பத்துப் பேருடைய வேலையை நீங்கள் நிறுத்தப்போகிறீர்கள். அவருடைய அனுமதி இல்லாமல் அது நடக்காது. தாளில் நேரங்களை எழுதிக்கொண்டு போங்கள்: எத்தனை மணிக்கு இணைப்பைத் திறந்தீர்கள், எத்தனை மணிக்குக் கடவுச்சொல்லை மாற்றினீர்கள், வாடிக்கையாளர் எப்போது அழைத்தார். அந்தத் தாள் இரவு உங்களுக்கும் வேண்டியிருக்கும்.

இனி வெள்ளிக்கிழமை என்ன நடந்தது என்பதற்கு வருவோம். நீங்கள் திறந்தது பெரும்பாலும் இடையில் நின்று கடத்தும் பக்கம். நீங்கள் தட்டியதை அது அதே நொடியில் உண்மையான கூகுளுக்குக் கொடுக்கிறது. கூகுள் கேட்ட குறியீட்டை உங்களிடம் கேட்டு வாங்கி, அதையும் கொடுக்கிறது. கூகுள் திருப்தியடைந்து ஒரு குக்கியைத் தருகிறது. அந்தக் குக்கி உங்கள் கணினிக்கு வராமல் திருடனிடம் தங்கிவிடுகிறது. உங்களுக்கு வெறும் பக்கம்தான் மிஞ்சுகிறது.

குக்கி என்பது ஆலை வாசலில் காவலாளி கொடுக்கும் உள்நுழைவுச் சீட்டைப் போன்றது. அடையாள அட்டையை ஒருமுறைதான் பார்ப்பார். அதன்பின் சீட்டைக் காட்டினால் போதும். இரண்டாவது படிக் குறியீடு வைத்திருந்தும் ஏன் நடந்தது என்று நீங்கள் குழம்பியிருப்பீர்கள். அந்தக் குறியீடு அடையாள அட்டையின் பக்கம் நிற்பது. திருடு போனது சீட்டு.

நீங்கள் கடவுச்சொல்லை மாற்றியது சரியான காரியம். கூகுளில் அப்படி மாற்றும்போது பெரும்பாலான அமர்வுகள் தாமாகவே வெளியேற்றப்படும். ஆகவே வெள்ளிக்கிழமை அவன் கையிலிருந்த அந்தச் சீட்டு இப்போது செல்லாமல் போயிருக்க நியாயம் உண்டு. ஆனால் நீங்கள் பள்ளிவாசலில் இருந்த ஒன்றரை, இரண்டு மணித்தியாலம் அவன் வெறும் பயனராக உள்ளே இருக்கவில்லை, நிர்வாகியாக இருந்தான். நிர்வாகியால் தனக்கு வேறு கதவுகளைத் திறந்து வைத்துக்கொள்ள முடியும், அந்தக் கதவுகள் உங்கள் கடவுச்சொல்லைக் கேட்பதே இல்லை. இரண்டு நாள் அமைதி அப்படிப்பட்ட கதவு ஒன்று இருப்பதற்கு அடையாளமாக இருக்கலாம். விலைப்பட்டியல் போகும் நேரத்தை அவன் பார்த்துக்கொண்டிருந்திருக்கலாம்.

2023இல் மட்டக்களப்பு நகரில் ஒரு வியாபார நிறுவனத்துக்கு இதே நிலை வந்தபோது என்னை அழைத்தார்கள். அந்த இரண்டு மணித்தியாலத்தில் என்னவெல்லாம் செய்ய முடியும் என்பதற்கு அதைவிட நல்ல உதாரணம் என்னிடம் இல்லை. முற்பகல் 10.42க்குத் திருடன் உள்ளே வந்திருந்தான். 10.47க்கு நிர்வாகக் கணக்கின் மீட்பு மின்னஞ்சலை மாற்றியிருந்தான். 10.51க்குப் புதிய பயனர் ஒருவரை உருவாக்கியிருந்தான். கணக்காளரின் பெயர்தான், ஓர் எழுத்து மட்டும் கூடுதல். அடுத்த நிமிடமே அந்தப் புதியவருக்கு முழு நிர்வாக உரிமை கொடுக்கப்பட்டிருந்தது. 10.58க்கு உண்மையான கணக்காளரின் கடவுச்சொல்லை மாற்றி, அவருடைய பெட்டிக்குள் நுழைந்து இப்படி ஒரு வடிகட்டியை வைத்திருந்தான்:

```
Matches: invoice OR payment OR "bank account"
Do this: Skip Inbox, Mark as read, Forward to xxxx@example.com
```

முகவரியை மட்டும் நான் மறைத்திருக்கிறேன். பணம் பற்றிய எந்த மின்னஞ்சல் வந்தாலும் அது கணக்காளரின் கண்ணில் படாமல், வாசிக்கப்பட்டதாகக் குறிக்கப்பட்டு, வெளியே போகும். கணக்காளர் காலையில் கடவுச்சொல் வேலை செய்யவில்லை என்று சொல்லியிருக்கிறார். ‘மறந்திருப்பீர்கள்’ என்று புதியதைப் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். 11.06க்கு ஒரு வெளிச் செயலிக்கு, நிறுவனத்தின் டிரைவ் கோப்புகளை வாசிக்கும் அனுமதி கொடுக்கப்பட்டிருந்தது. 11.20க்கு நிறுவனத்தார் விழித்துக்கொண்டு நிர்வாகக் கடவுச்சொல்லை மாற்றினார்கள்.

அதன்பின் நான் போய் அமர்வுகளை முடித்தேன், போலிப் பயனரை நிறுத்தினேன், வடிகட்டியை எடுத்தேன். டிரைவ் செயலியைத் தவறவிட்டேன். கடவுச்சொல் மாறியதும் செயலிகளின் அனுமதியும் போய்விடும் என்று நினைத்திருந்தேன். கூகுளில் அது பாதி உண்மைதான்: ஜிமெயிலைத் தொடும் அனுமதிகள் கடவுச்சொல் மாறும்போது செல்லாமல் போகும், டிரைவை மட்டும் தொடும் அனுமதி அப்படியே நிற்கும். அந்தச் செயலி ஒன்பது நாள் எல்லா ஒப்பந்தங்களையும் வாசித்துக்கொண்டிருந்தது. அந்த ஒன்பது நாளை நான் மறக்கவில்லை. உங்களிடம் இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணமும் அதுதான்.

ஆகவே இன்று இரவு வேலை மூன்று கட்டங்களாக, இந்த ஒழுங்கில்தான் நடக்கவேண்டும்: முதலில் எல்லோரையும் வெளியேற்றுவது, பிறகு திறப்புகளை மாற்றுவது, பிறகு என்ன மாறியது என்று வாசிப்பது. ஒழுங்கு மாறினால் பலன் இல்லை. திருடன் இன்னும் வாசித்துக்கொண்டிருக்கும் பெட்டிக்குப் புதிய கடவுச்சொல் இணைப்பு வந்தால், அதை நீங்களே அவனிடம் கொடுத்ததாக ஆகும்.

எல்லாவற்றையும் அழித்துத் தொடங்கும் யோசனையையும் இதனால்தான் மறுக்கிறேன். பயனர் கணக்கை அழித்தாலும் நிறுவன மட்டத்தில் அவன் வைத்துவிட்டுப்போன மின்னஞ்சல் விதி ஏதாவது இருந்தால் அது அப்படியே இருக்கும். அழிவது உங்கள் சாட்சிதான். அழித்த கணக்கை 20 நாட்களுக்குள் மட்டுமே மீட்கலாம். சந்தேகமான கணக்கை நிறுத்தி வைத்தால் போதும். அதற்குள் யாரும் நுழைய முடியாது, உள்ளே இருப்பதும் அப்படியே பத்திரமாக இருக்கும்.

வெளியேற்றும் வேலையை வெள்ளிக்கிழமை பாவித்த மடிக்கணினியில் செய்யவேண்டாம். உங்கள் விஷயத்தில் போலிப் பக்கம்தான் காரணம் என்று நான் நம்புகிறேன். ஏனென்றால் குறியீட்டை நீங்களே கொடுத்தீர்கள், கையோடு அறிவித்தலும் வந்தது. ஆனால் குக்கியைத் திருடும் தீய மென்பொருள் ஒன்று அந்தக் கணினியில் இருந்திருந்தால், இன்று இரவு நீங்கள் வாங்கும் புதிய சீட்டும் நேரே அவனிடம் போகும். அந்த வகைத் திருட்டில் பெரும்பாலும் அறிவித்தல்கூட வராது. சீட்டோடு வருபவன் புதிதாக உள்நுழைவதில்லை அல்லவா. அந்த மடிக்கணினியைச் சோதித்து முடியும்வரை வேறு கணினியில் வேலை செய்யுங்கள்.

admin.google.com திறந்து, முதலில் Admin roles பகுதியில் Super Admin பட்டியலைப் பாருங்கள். அங்கே உங்கள் பெயரைத் தவிர வேறு எது இருந்தாலும், அது எவ்வளவு நியாயமாகத் தோன்றினாலும், support என்றோ backup என்றோ பெயர் வைத்திருந்தாலும், நிறுத்தி வையுங்கள். இதைத்தான் முதலில் செய்யவேண்டும். அவனிடம் ஒரு நிர்வாகக் கணக்கு மிஞ்சியிருந்தால், நீங்கள் மூடுவதை எல்லாம் அவன் பின்னால் நின்று திறந்துகொண்டே வருவான்.

பிறகு ஒவ்வொரு பயனரின் பக்கத்திலும் Security பகுதிக்குப் போய் Reset sign-in cookies என்பதை அழுத்துங்கள். உங்களுடையது உட்பட 11 கணக்குகளுக்கும் செய்யுங்கள். அதே பகுதியில் Connected applications என்ற பட்டியல் இருக்கும். நான் மட்டக்களப்பில் தவறவிட்டது அதைத்தான். ஒவ்வொரு செயலியையும் திறந்து பார்த்து, உங்களுக்குத் தெரியாததை நீக்குங்கள். தெரிந்ததுபோல் இருந்து உறுதியில்லாததையும் நீக்குங்கள். உண்மையிலேயே தேவையானதாக இருந்தால் அந்த ஊழியர் நாளை வந்து கேட்பார், மீண்டும் அனுமதி கொடுத்துக்கொள்ளலாம்.

குக்கிகளை மீளமைத்தவுடன் எல்லாரும் அந்த நொடியில் வெளியே போய்விடமாட்டார்கள். ஜிமெயில் அமர்வு முடிய ஒரு மணித்தியாலம் வரை எடுக்கலாம்; மற்றச் செயலிகளுக்கு அந்த நேரம் வேறுபடும். எட்டு மணிக்கு அழுத்தினால் ஒன்பது மணிவரை அவன் உள்ளே இருக்கக்கூடும் என்றே கணக்கு வைத்து, அந்த ஒரு மணித்தியாலத்தின் பதிவுகளையும் பின்னர் வாசிக்கவேண்டும். இந்த இடைவெளியைத் தெரியாதவர்கள் ‘வெளியேற்றிய பிறகும் நுழைந்துவிட்டானே’ என்று பதறிப்போவார்கள்.

அந்த ஒரு மணித்தியாலத்தில் தேநீர் குடியுங்கள், ஊழியர்களைத் தொலைபேசியில் அழையுங்கள். காலையில் அலுவலகத்துக்கு வந்தபின் நேரில்தான் புதிய கடவுச்சொல் கிடைக்கும், அதுவரை யாரும் எதையும் திறக்க முயலவேண்டாம் என்று சொல்லுங்கள்.

இரண்டாம் கட்டம் திறப்புகள். உங்கள் நிர்வாகக் கணக்கில் தொடங்குங்கள். வெள்ளிக்கிழமை வைத்த கடவுச்சொல்லை அந்த மடிக்கணினியில்தான் தட்டியிருப்பீர்கள். அதனால் இன்னொருமுறை மாற்றவேண்டும். அதைவிட முக்கியம், கடவுச்சொல்லுக்குப் பக்கத்தில் நிற்பவை. மீட்பு மின்னஞ்சலும் மீட்புத் தொலைபேசி இலக்கமும் உங்களுடையவைதானா என்று எழுத்தெழுத்தாகப் பாருங்கள். இரண்டாவது படிச் சரிபார்ப்பில் பதிவான சாதனங்கள், பாஸ்கீகள் எல்லாவற்றையும் நீக்கி மீண்டும் பதியுங்கள். பாஸ்கீ இருந்தால் கடவுச்சொல் இல்லாமலே நுழையும் வசதி கூகுளில் உண்டு. திருடன் தன் பாஸ்கீயைச் சேர்த்து அந்த வசதியையும் திறந்து வைத்திருந்தால், உங்கள் புதிய கடவுச்சொல் எவ்வளவு நீளமாக இருந்தாலும் அவனுக்குத் தடையில்லை. எட்டு இலக்கக் காப்புக் குறியீடுகளையும் புதிதாக எடுங்கள்; எடுத்தவுடன் பழைய தொகுதி செல்லாது.

மற்றப் பத்துப் பேருக்கும் மாற்றுங்கள். நானூறு பேர் வேலைசெய்யும் இடமாக இருந்தால் பதிவைப் பார்த்து யார் தொடப்பட்டார்கள் என்று தேர்ந்தெடுக்கச் சொல்வேன். பத்துப் பேருக்குத் தேர்வு எதற்கு? அரை மணித்தியால வேலை.

ஒரு சிறிய எச்சரிக்கை. ஸ்கேன் செய்ததை மின்னஞ்சலில் அனுப்பும் இயந்திரம் உங்கள் அலுவலகத்தில் இருந்தால், அது நாளைக் காலை நின்றுவிடலாம். அதற்குக் கொடுத்திருந்த செயலிக் கடவுச்சொல், கணக்கின் கடவுச்சொல் மாறும்போது செல்லாமல் போகும். அப்போது யாராவது ‘பாதுகாப்பைக் கொஞ்சம் தளர்த்தினால் சரியாகும்’ என்பார்கள். தளர்த்தவேண்டாம். அந்த இயந்திரத்துக்கு மட்டும் புதிய செயலிக் கடவுச்சொல் ஒன்றை எடுத்துப் போடுங்கள்.

இதற்குமேல் எந்தத் திறப்புகளை மாற்றுவது? உங்கள் பெட்டியை வாசித்தவன் எதையெல்லாம் திறந்திருக்க முடியும் என்று கேளுங்கள். எந்தச் சேவையில் ‘கடவுச்சொல் மறந்துவிட்டதா’ என்று அழுத்தினால் இணைப்பு இந்த 11 பெட்டிகளில் ஒன்றுக்கு வருமோ, அது பட்டியலில் சேரும். ஆலையின் இணையப் பெயரைப் பதிந்த கணக்கு முதலில் வரும். அது பறிபோனால் உங்கள் மின்னஞ்சல் முழுவதையும் வேறு திசைக்குத் திருப்பிவிடலாம். அடுத்தது இணைய வங்கி. அதற்கடுத்து கணக்கு மென்பொருள், ஆலையின் முகநூல் பக்கம், கண்காணிப்புக் கமெராக்கள். டிரைவில் ‘பாஸ்வேர்ட்’ என்று பெயர் வைத்த அட்டவணை ஒன்று பெரும்பாலான அலுவலகங்களில் இருக்கிறது. உங்களிடமும் இருந்தால், அதில் எழுதியிருக்கும் ஒவ்வொன்றும் போய்விட்டதாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் கட்டத்தைத்தான் பலர் செய்வதில்லை. எனக்கு இதுதான் வேலையின் பாதி. நிர்வாகப் பக்கத்தில் Reporting பகுதிக்குள் Audit and investigation என்று இருக்கும். அதில் மூன்று பதிவுகள் உங்களுக்கு வேண்டும். Admin log events நிர்வாகியாக யார் எதை மாற்றினார் என்று காட்டும். User log events உள்நுழைவுகளையும் மீட்பு விவரங்களின் மாற்றங்களையும் காட்டும். OAuth log events எந்தச் செயலிக்கு அனுமதி போனது என்று காட்டும். மூன்றையும் முதலில் தரவிறக்கி, இந்தக் கணக்குகளோடு தொடர்பில்லாத ஒரு பென்டிரைவில் வையுங்கள். கூகுள் இவற்றை ஆறு மாதம் வைத்திருக்கும், ஆனால் பொலிஸுக்கோ வங்கிக்கோ கொடுக்கும்போது இன்று எடுத்த பிரதி உங்கள் கையில் இருக்கவேண்டும்.

தொடக்க நேரத்தை வெள்ளிக்கிழமை நண்பகல் என்று வைக்கவேண்டாம். ஒரு வாரம் பின்னுக்குப் போங்கள். நீங்கள் கவனித்த திருட்டுத்தான் முதல் திருட்டு என்பதற்கு உத்தரவாதம் இல்லை. நேரங்களை ஒப்பிடும்போது பதிவு எந்த நேர வலயத்தில் இருக்கிறது என்றும் பாருங்கள். உலகப் பொது நேரத்தில் இருந்தால் ஐந்தரை மணித்தியாலம் கூட்டவேண்டும். பதிவில் காலை 6.40 என்று இருப்பது நமக்கு நண்பகல் 12.10, அதாவது நீங்கள் பள்ளிவாசலில் இருந்த நேரம். இதைக் கவனிக்காமல் ‘அந்த நேரம் அலுவலகமே திறக்கவில்லை, பழைய பதிவாக இருக்கும்’ என்று சரியான வரியைத் தாண்டிப் போனவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இடத்தின் பெயரையும் நம்பிவிடாதீர்கள். சம்மாந்துறையில் இருந்து நீங்கள் நுழைவதே பல நேரம் கொழும்பு என்றுதான் பதிவாகும், ஏனெனில் அந்த முகவரி சேவை நிறுவனத்தின் பெயரில் அங்கே பதிவாகியிருக்கும். அதுபோல இலங்கை என்று காட்டினால் மட்டும் அது நம்மவர் ஆகிவிடாது. வேறு நாட்டிலிருந்து வருபவனும் இங்கேயுள்ள ஒரு கணினி வழியாக வரலாம். ஊரைவிட, பதிவில் உள்ள ஐபி முகவரியைப் பாருங்கள். அலுவலக இணைப்பின் முகவரி எது, உங்கள் கைபேசியின் முகவரிகள் எப்படித் தொடங்குகின்றன என்று குறித்துக்கொண்டு ஒப்பிட்டால் அந்நியன் தெரிவான்.

இப்போது ஒரு பேனாவை எடுங்கள். நிர்வாகப் பதிவை அச்சடித்து, ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் அதைச் செய்தவரின் பெயரை எழுதுங்கள். ‘இது நான்’, ‘இது புதிய காசாளர் சேர்ந்த நாள்’ என்று. பெயர் எழுத முடியாத வரி ஒவ்வொன்றும் திருடன் விட்டுப்போன தடம். பதினொரு கணக்குள்ள அலுவலகத்தில் ஒரு வாரத்துக்கான நிர்வாகப் பதிவு சில பக்கங்களைத் தாண்டாது. மட்டக்களப்பில் அந்த டிரைவ் செயலியை நான் கடைசியில் கண்டுபிடித்ததும் இப்படித்தான். ஒன்பதாம் நாள் உட்கார்ந்து பெயர் எழுதிக்கொண்டு வந்தபோது, செயலிகளுக்கான பதிவில் ஒரு வரிக்கு யாரும் பெயர் தரவில்லை.

பதிவில் தடம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் மூன்று இடங்களை நீங்கள் கண்ணால் பார்க்கவேண்டும். ஒன்று, ஜிமெயில் அமைப்புகளில் Routing. நிறுவனத்துக்கு வரும் எல்லா மின்னஞ்சலின் பிரதியையும் வெளியே அனுப்பும் விதியை அங்கே வைக்கலாம், அது எந்த ஊழியரின் பெட்டியிலும் தெரியாது. இரண்டு, API controls பகுதியில் Domain-wide delegation. அங்கே ஒரு வரி இருந்தால், அந்தச் செயலி யாருடைய கடவுச்சொல்லும் இல்லாமல், தனக்குத் தரப்பட்ட அனுமதி அளவுக்கு, எல்லோருடைய கணக்கையும் வாசிக்க முடியும். உங்கள் அளவிலான அலுவலகத்தில் அந்தப் பட்டியல் வெறுமையாக இருப்பதே இயல்பு. மூன்று, குழு முகவரிகள். விற்பனைக்கு என்று பொது முகவரி வைத்திருந்தால் அதன் உறுப்பினர் பட்டியலைத் திறந்து, வெளி முகவரி ஏதாவது சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

நிர்வாகப் பக்கத்துக்கு ஓர் எல்லை உண்டு. ஒருவருடைய பெட்டிக்குள் உள்ள வடிகட்டிகளை நீங்கள் அங்கிருந்து பார்க்க முடியாது. வெளியே அனுப்பும் ஏற்பாடு பதிவில் விழலாம். மின்னஞ்சலை மறைத்து வைக்க மட்டும் செய்யும் வடிகட்டி அங்கே தெரியாது. அதனால் நாளைக் காலை ஒவ்வொருவர் மேசைக்கும் போய்ப் பக்கத்தில் உட்காருங்கள். ஜிமெயில் அமைப்புகளில் Filters and Blocked Addresses, Forwarding and POP/IMAP, Accounts ஆகிய மூன்று தாவல்களையும் திறக்கச் சொல்லுங்கள். கடைசித் தாவலில் வேறு யாருக்காவது பெட்டியைத் திறக்கும் உரிமை கொடுக்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்கவேண்டும். கணக்காளரின் மேசையில் தொடங்குங்கள். சந்தேகமான வடிகட்டியைக் கண்டால் உடனே நீக்காமல், முதலில் திரையைப் படம் எடுங்கள், பிறகு நீக்குங்கள். அது என்ன சொற்களைத் தேடியது என்பதிலிருந்து அவன் எதைக் குறிவைத்தான் என்று தெரியும்.

கொழும்பு வாடிக்கையாளருக்கு வந்த அந்த மின்னஞ்சலும் வேண்டும். அதை அவர் சாதாரணமாக முன்னோக்கி அனுப்பினால் பயன் குறைவு, தலைப்பு விவரங்கள் போய்விடும். ஜிமெயிலில் Show original என்பதைத் திறந்து, அந்தக் கோப்பைத் தரவிறக்கி அனுப்பச் சொல்லுங்கள். அனுப்பிய முகவரி உங்கள் ஆலையின் பெயரைப் போலவே இருந்து ஓர் எழுத்து மாறியிருந்தால், அவன் உங்கள் விலைப்பட்டியலை வாசித்துப் பிரதி எடுத்துக்கொண்டு வெளியிலிருந்து அனுப்புகிறான் என்று பொருள். இன்று இரவு நீங்கள் எல்லாவற்றையும் மூடினாலும் அந்தப் போலி முகவரியிலிருந்து இன்னும் மின்னஞ்சல் போகும், அதனால்தான் வாடிக்கையாளர்களை ஒருமுறை அழைத்ததோடு நிற்காமல் அடுத்த சில வாரங்களும் நினைவூட்டவேண்டும். உண்மையான உங்கள் முகவரியிலிருந்தே போயிருந்தால், ஞாயிறோ திங்களோ அவன் உள்ளே இருந்திருக்கிறான்; எந்தக் கதவு வழியாக என்று பதிவில் கண்டுபிடிக்கும்வரை வேலை முடியவில்லை.

அவன் எதையெல்லாம் வாசித்தான் என்பதற்கு உங்களுக்கு முழு விடை கிடைக்காது. மாற்றங்கள் பதிவாகும் அளவுக்கு வாசிப்புகள் பதிவாவதில்லை. ஆகவே அந்தப் பெட்டியிலும் டிரைவிலும் இருந்தவற்றை வாசித்துவிட்டான் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். ஊழியர்களின் அடையாள அட்டைப் பிரதிகளோ, நெல் விற்ற விவசாயிகளின் வங்கி விவரங்களோ அங்கே இருந்தால், அவர்களுக்குச் சொல்லவேண்டிய கடமை ஆலைக்கு இருக்கிறது. அவர்களுக்கும் நாளை இதேபோல் ஏமாற்று அழைப்பு வரலாம். பொலிஸில் முறைப்பாடு செய்யுங்கள். 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டத்தின்கீழ் இது குற்றம். வங்கி உங்களிடம் முதலில் கேட்பதும் அந்த முறைப்பாட்டுப் பிரதியாகத்தான் இருக்கும். கணினிப் பாதுகாப்பு அவசரங்களைக் கவனிக்கும் ஸ்ரீலங்கா செர்ட்டுக்கும் அறிவியுங்கள்.

இது முடிந்த வாரத்திலேயே இரண்டு மாற்றங்களைச் செய்யவேண்டும் என்று வற்புறுத்துகிறேன். நீங்கள் தினமும் மின்னஞ்சல் வாசிக்கும் கணக்கும் நிர்வாகக் கணக்கும் ஒன்றாக இருந்ததுதான் ஒரு தவறான சொடுக்கை முழு ஆலைக்கும் பரவவிட்டது. உங்களுக்குச் சாதாரணக் கணக்கு ஒன்றை வைத்துக்கொண்டு, நிர்வாகத்துக்குத் தனிக் கணக்கு உருவாக்குங்கள், அதில் மின்னஞ்சலே வாசிக்கவேண்டாம். அதோடு இரண்டாவது நிர்வாகக் கணக்கு ஒன்றும் இருக்கட்டும், அதன் விவரங்கள் மூடிய உறையில் ஹாஜியாரின் அலுமாரியில் இருக்கட்டும். நீங்கள் பூட்டப்பட்டுப்போனால் அதுதான் வழி.

மற்றது, நிர்வாகக் கணக்குகளுக்குக் குறுஞ்செய்திக் குறியீட்டை நிறுத்திவிட்டு, யூஎஸ்பி பாதுகாப்புத் திறப்பையோ பாஸ்கீயையோ வையுங்கள். இவை நீங்கள் நிற்கும் பக்கத்தின் உண்மையான முகவரியைப் பார்த்துத்தான் பதில் தரும். போலிப் பக்கத்தின் முகவரி கூகுளுடையது அல்ல என்பதால் அங்கே அவை வாய் திறக்காது. மனிதர் அவசரத்தில் ஏமாறலாம், அந்தத் திறப்பு ஏமாறாது. திறப்பு தொலைந்துபோகக்கூடிய பொருள், ஆகவே இரண்டு வாங்கி ஒன்றை அதே உறையில் போட்டு வையுங்கள்.

வெளியேற்றி ஒரு மணித்தியாலம் கழித்தும், நாளைக் காலையும், அடுத்த வெள்ளிக்கிழமையும், ஒரு மாதம் கழித்தும் மூன்று பதிவுகளையும் மீண்டும் திறந்து பெயர் எழுதுங்கள். பெயரில்லாத வரி ஏதாவது மிஞ்சினால் அந்த வரியை மட்டும் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள், எந்தக் கடவுச்சொல்லும் வேண்டாம். அனுப்புவது உங்கள் அலுவலக மின்னஞ்சலிலிருந்தாக இருக்கக்கூடாது.